சுவரில் கருந்திட்டு: சாயம் பூசும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜுரு வட்டாரத் தாமான்களில் சாயக் கடைகளில் கூட்டம் கூடும். வாங்குபவர்களில் பலர் புதுச் சாயத்தை அழகுக்காக மட்டும் வாங்குவதில்லை. சிலிங்கில் பழுப்பு வளையம், அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளி, சமையலறைச் சுவரில் கோடாக இறங்கும் கறை ஆகியவற்றை விருந்தினர் வருவதற்குள் மறைக்க வேண்டும் என்பதே அவர்களின் அவசரம். சாயம் பூசியதும் சுவர் பளிச்சென்றிருக்கும். பொங்கல் வருவதற்குள் அதே இடத்தில் அதே கறை திரும்பி வந்துவிடும். அடுத்த ஆண்டு இன்னொரு டின் வாங்குவார்கள்.

இதற்குச் சாயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை அதிகம். தீபாவளியும் அதையொட்டியே வருகிறது. ஆண்டிலேயே சுவர் அதிகம் நனைந்திருக்கும் நேரத்தில் அதன்மேல் சாயத்தைப் பூசி மூடுகிறோம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடிச் சாயத்தைக் கொப்பளமாகத் தள்ளுகிறது. பூஞ்சைத் தடுப்புச் சாயம் என்று விற்பதிலும் இதே கதைதான். அதிலுள்ள மருந்து சாயத்தின் மேற்பரப்பில் பூஞ்சை முளைப்பதைச் சில காலம் தடுக்கும். பின்னாலிருந்து வரும் தண்ணீரை அது தடுக்காது.

பூஞ்சையின் விதைத்தூள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது. சுவரில் அதற்குத் தீனியாகத் தூசியும் சாயமும் எப்போதும் உண்டு. அதனிடம் இல்லாதது தண்ணீர் மட்டுமே. நனைந்த இடம் ஓரிரு நாளில் காய்ந்துவிட்டால் அது வளர்வதில்லை. ஆகவே சுவரில் கருந்திட்டைக் கண்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே.

முதலில், அது பூஞ்சைதானா?

நம் வீடுகளில் சாமி மேடைக்கு மேலுள்ள சிலிங் கறுத்திருப்பது வழக்கம். அது பெரும்பாலும் விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் படிந்த கரி. கொசுவர்த்திச் சுருள் வைக்கும் மூலையும் அப்படித்தான். ஐயம் இருந்தால், துணி வெளுக்கும் குளோரின் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பஞ்சில் தொட்டு ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். இரண்டொரு நிமிடத்தில் கறுப்பு வெளிறினால் பூஞ்சை என்று கொள்ளலாம். அப்படியே இருந்தால் கரி அல்லது அழுக்கு. கரிக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும், ஈரத்தைத் தேட வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வீடுகளின் சிலிங் பலகைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். உங்கள் சிலிங் அத்தகையது என்று சந்தேகம் இருந்தால் அதைச் சுரண்டவோ, மணல்தாளால் தேய்க்கவோ, துளையிடவோ வேண்டாம். அந்தத் தூள் பூஞ்சையைவிட ஆபத்தானது.

ஒரே வீடு, மூன்று திட்டுகள்

விளக்கத்திற்காக ஜுருவில் பரவலாகக் காணப்படும் வகையைச் சேர்ந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரட்டை மாடி வரிசை வீடு. வாங்கிய பிறகு சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். மாடியில் பெற்றோர் அறையில் ஏர்கோன் உண்டு. அடுத்துள்ள பிள்ளைகள் அறையில் காற்றாடி மட்டும். இந்த வீட்டில் மூன்று இடங்களில் கறுத்திருக்கிறது. வீட்டாருக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிகின்றன. "கூரை ஒழுகுது" என்பது அவர்கள் முடிவு.

உற்றுப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு. வரவேற்பறைச் சிலிங்கில் இருப்பது வளையம். நடுவில் வெளிறி, ஓரத்தில் பழுப்புக் கோடு. நனைவதும் காய்வதும் பலமுறை நடந்தால் இப்படி வளையத்துக்குள் வளையமாகப் படியும். சமையலறைச் சுவரில் இருப்பது மேலிருந்து கோடுகோடாக இறங்கும் கறை. பிள்ளைகள் அறையில் அலமாரிக்குப் பின்னால் இருப்பதோ தெளித்துவிட்டது போன்ற சிறு புள்ளிகள். வளையமில்லை, கோடில்லை, சாயம் உப்பவுமில்லை.

அடுத்து ஒரு பென்சிலும் நாட்காட்டியும் போதும். ஒவ்வொரு திட்டின் ஓரத்தையும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரத்திற்கு மழை பெய்த நாள், பலத்த காற்று வீசிய நாள், குளியலறையை அதிகம் பயன்படுத்திய நாள், ஏர்கோன் போட்ட இரவு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். நம் வீட்டில் கிடைத்த விடை இது: சமையலறைக் கோடு மழை வந்த ஒரு மணி நேரத்துக்குள் நனைகிறது. வரவேற்பறை வளையத்துக்கு மழையைப் பற்றிக் கவலையில்லை, வெயில் நாளிலும் ஈரமாகிறது. பிள்ளைகள் அறைப் புள்ளிகள் மழைக்கும் குழாய்க்கும் தொடர்பின்றி மெல்லப் பெருகுகின்றன. ஆக, தண்ணீர் வரும் வழி மூன்று.

வரவேற்பறை வளையம்: குழாயா, கழிவா, தரையா?

வளையத்துக்கு நேர் மேலே குளியலறை. உடனே கொத்தனாரை அழைத்துத் தரையை உடைக்கச் சொல்வதுதான் பலர் செய்யும் தவறு. குளியலறையில் தண்ணீர் மூன்று இடங்களில் இருக்கிறது: எப்போதும் அழுத்தத்தில் நிற்கும் விநியோகக் குழாய், ஊற்றும்போது மட்டும் ஓடும் கழிவுக் குழாய், தரை. ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்க வேண்டும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் குழாய். இரவு எல்லாரும் படுத்த பிறகு, எல்லாக் குழாய்களையும் மூடி, வாசலில் உள்ள தண்ணீர் மீட்டரின் எண்களைச் சிவப்பு எண்கள் உட்படக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் மீண்டும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் கசிவு உண்டு. ஆனால் நம் வீடுகளில் கூரைக்கடியில் ஒரு தொட்டி இருப்பதால் இந்தச் சோதனை சிலநேரம் ஏமாற்றும். தொட்டிக்குப் பின்னுள்ள குழாய் மெல்லக் கசிந்தால், தொட்டியின் மட்டம் போதிய அளவு இறங்கி மிதவை திறக்கும் வரை மீட்டர் அசையாது. அதனால் தொட்டிக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, காலையில் ஒப்பிடுவதே சரி. நம் வீட்டில் மட்டம் இறங்கவில்லை. குழாய் தப்பித்தது.

இரண்டாவது, கழிவுக் குழாய். தரையில் தண்ணீர் இறங்கும் வாயின் சல்லடையை எடுத்துவிட்டு, தரை நனையாமல் மூன்று வாளித் தண்ணீரை நேராக அந்த வாய்க்குள் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து கீழே பாருங்கள். நம் வீட்டில் வளையம் உலர்ந்தே இருந்தது.

மூன்றாவது, தரை. பிளாஸ்டிக் பையில் துணியைத் திணித்து அந்த வாயை இறுக அடையுங்கள். தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். வாசற்படி தாண்டி அறைக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கேசரிப் பொடி நிறம் கலந்துவிட்டால் கீழே கசிவது இதுதான் என்று உறுதி செய்யலாம். ஆனால் கொங்கிரீட் நிறத்தை வடிகட்டிவிடுவதால், நிறமில்லாமல் கசிந்தாலும் தரைக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். மட்டத்தைச் சுவரில் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். கீழேயுள்ள விளக்கின் மின்சாரத்தை முன்கூட்டியே துண்டித்துவிடுங்கள். சிலிங்கிலிருந்து சொட்டத் தொடங்கினால் உடனே அடைப்பை எடுத்துவிடலாம், விடை கிடைத்துவிட்டது.

நம் வீட்டில் ஆறு மணி நேரத்தில் வளையம் கறுத்தது. குற்றவாளி தரை. பெரும்பாலும் கழிவு வாய் கொங்கிரீட்டில் பதியும் விளிம்பில்தான் முதல் பிளவு ஏற்படும். பிளாஸ்டிக்கும் சிமெண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. தரை தேறிவிட்டால் நான்காவதாக, குளிக்கும் பக்கச் சுவரில் பூந்தூறல் குழாயைக் கால் மணி நேரம் பீய்ச்சிப் பார்க்க வேண்டும்.

இதைச் சரிசெய்ய மாபிள்களுக்கிடையே வெள்ளைச் சிமெண்டு பூசுவது போதாது. மாபிளை எடுத்து, கழிவு வாயின் விளிம்பைப் புதிதாக அடைத்து, தரை முழுவதும் நீர்த்தடுப்புப் பூச்சு போட வேண்டும். அதைச் சுவரிலும் குறைந்தது ஆறு அங்குலம் மேலே ஏற்ற வேண்டும். குளிக்கும் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏற்றுவது நல்லது. குத்தகையாளரிடம் வேலைக்கு முன்பே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பூச்சு காய்ந்ததும், மாபிள் பதிக்கும் முன், அதே 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். மாபிள் பதித்த பிறகு கசிந்தால், இரண்டாம் முறை உடைக்கும் செலவு யாருடையது என்ற சண்டைதான் மிஞ்சும். கீழிருந்து ஊசி போட்டு வெடிப்பை அடைக்கும் முறையும் உண்டு. அது அந்த வெடிப்பை மூடும். மேலே தேங்கும் தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்தால் சில மாதங்களில் பக்கத்தில் புது வளையம் வரும்.

சமையலறைக் கோடு: நீட்டிக் கட்டியதன் விலை

சமையலறையை நீட்டும்போது புதுக் கூரை பழைய சுவரைத் தொடும் இடத்தில் ஒரு மூட்டு உண்டாகிறது. அதன்மேல் தகடு வைத்து, அதன் மேல் விளிம்பைச் சுவருக்குள் வெட்டிச் செருக வேண்டும். பல வீடுகளில் தகட்டைச் சுவரோடு ஒட்டவைத்துச் சிலிக்கோன் மட்டும் இழுத்திருப்பார்கள். வெயிலில் தகடு விரிந்து சுருங்கும்போது சிலிக்கோன் பிளக்கும். காற்றோடு மழை வரும்போது மேல் சுவரில் வழியும் தண்ணீர் அந்தப் பிளவில் இறங்கும். நம் வீட்டில் கோடு காற்று மழைக்கு உடனே நனைவது இதனால்தான்.

கூரை ஒழுக்கைத் தேடும்போது நினைவில் வைக்க வேண்டியது, கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் மரச்சட்டத்தின் வழியே பல அடி நடந்து, சட்டம் முடியும் இடத்தில் சொட்டும். எனவே ஒருவர் டார்ச் விளக்கோடு சிலிங்கின் மேல்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க, மற்றவர் வெளியே இரப்பர்க் குழாயால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கீழிருந்து தொடங்குங்கள். முதலில் பீலி, பிறகு கூரையின் கீழ்வரிசை, பிறகு மூட்டு, கடைசியில் மேல் சுவர். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் தெரியாது. ஓட்டின் மேல் ஏற வேண்டாம். மிதித்த ஓடு உடைவது ஒருபுறம், விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கறை சுவரின் அடியில் மட்டும் இருந்து, வெள்ளைத் தூளாக உப்பு பூத்திருந்தால் கதை வேறு. செங்கலுக்குள் தண்ணீர் நடந்து வந்தால்தான் உப்பு வெளியே வரும். ஜுரு ஆற்றையொட்டிய நிலம் தாழ்வானது, மண்ணில் ஈரம் நிற்கும். வாசலையோ பின்புறத்தையோ சிமெண்டு போட்டு உயர்த்தியதில் வெளித்தரை உள்தரையைவிட மேலே போயிருக்கிறதா, கால்வாயில் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே நீர்த்தடுப்புச் சாயம் அடித்தால் ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறி, அங்கே வெளிப்படும்.

பிள்ளைகள் அறைப் புள்ளிகள்: காற்றிலிருந்து வரும் தண்ணீர்

இதுதான் எளிதில் பிடிபடாதது. கூரை நன்றாக இருக்கிறது, குழாய் இல்லை, இருந்தும் சுவர் கறுக்கிறது. ஐஸ் போட்ட கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கம் நனைவதை எண்ணிப் பாருங்கள். குவளை ஒழுகவில்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீராகப் படியும். பினாங்கில் இது சாதாரணக் காற்று.

பெற்றோர் அறையில் இரவெல்லாம் ஏர்கோன் 18 பாகையில் ஓடுகிறது. நடுச்சுவர் ஒற்றைச் செங்கல். அதன் மறுபக்கம் பிள்ளைகள் அறை, அங்கே ஏர்கோன் இல்லாததால் காற்று ஈரமாகவே இருக்கிறது. குளிர்ந்த சுவரோடு ஒட்டி அலமாரி நிற்பதால் அங்கே காற்றோட்டமும் இல்லை. ஏர்கோன் இல்லாத அறையில் பூஞ்சை வருவதற்குக் காரணம் அடுத்த அறை ஏர்கோன்தான். பெரிய கட்டடங்களுக்கும் பூஞ்சை தொல்லை தரும். 2004-ஆம் ஆண்டு ஜொகூர் பாருவில் புதிதாகத் திறந்த பாண்டான் மருத்துவமனையையே பூஞ்சையால் மூட வேண்டிவந்தது.

உறுதிப்படுத்த, ஓரடிச் சதுரத் தெளிவான பிளாஸ்டிக் தாளை, துடைத்துக் காயவைத்த சுவரில் நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் காற்றிலிருந்து வருகிறது. விடியற்காலையில், ஏர்கோனை நிறுத்துமுன் பாருங்கள், பகலில் தடயம் காய்ந்துவிடும். வெளிப்பக்கம் வியர்த்தாலும், ஏர்கோனின் கழிவுநீர்க் குழாய் அந்தச் சுவருக்குள் போகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அது அடைத்துக்கொண்டால் சுவர் உண்மையிலேயே நனையும்.

இதற்கு உடைக்க வேண்டியது எதுவுமில்லை. ஏர்கோனை 24, 25 பாகைக்கு ஏற்றுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் அளவு தள்ளி வையுங்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். தோட்டத்து லயன் வீட்டில் பலகை இடுக்கிலும் கூரையடியிலும் காற்று புகுந்து எல்லாவற்றையும் உலர்த்தியது. தாமான் வீட்டில் சன்னலை மூடிவிட்டால் ஈரம் போக வழியில்லை.

மழையில் தேடுங்கள், வெயிலில் பூசுங்கள்

காரணத்தை நிறுத்திய பிறகே சுத்தம் செய்ய வேண்டும். கருந்திட்டு மொத்தம் ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். அதற்கு மேல் பரவியிருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருந்தாலோ ஆள் வைத்துச் செய்யுங்கள். ஈரவீட்டில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் கூடுகிறது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறியுள்ளது. சன்னலைத் திறந்து, கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் விதைத்தூள் வீடெங்கும் பறக்கும். குளோரின் திரவம் பயன்படுத்தினால் அதோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ, காடியையோ, அம்மோனியாவையோ ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சுப்புகை எழும். ஜிப்சம் சிலிங் ஊறிக் கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, அந்தப் பகுதியை வெட்டி மாற்ற வேண்டும்.

பிறகு காத்திருக்க வேண்டும். நனைந்த செங்கல் சுவர் ஓர் அங்குலம் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. உரிந்து நிற்கும் பழைய சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் விரைவாகக் காயும். சாயம் பூசலாமா என்பதற்கும் அதே பிளாஸ்டிக் தாள்தான் சோதனை. இரண்டு நாள் ஒட்டியும் உள்பக்கம் வியர்க்காவிட்டால் பூசலாம். பழுப்பு வளையத்தின்மேல் முதலில் கறைமறைக்கும் அடிச்சாயம் பூசுங்கள், இல்லாவிட்டால் காய்ந்த கறையே புதுச் சாயத்தில் ஊறி மேலே வரும். தீபாவளி மழையில் காரணத்தைக் கண்டுபிடித்து, ஜனவரி, பிப்ரவரி வெயிலில் சாயம் பூசுவதே நம் வட்டாரத்துக்குப் பொருந்தும் வரிசை.

மேல்வீட்டிலிருந்து கசிந்தால்

அடுக்குமாடியில் உங்கள் சிலிங்குக்கு மேலிருப்பது வேறொருவர் குளியலறை. மேலே சொன்ன சோதனைகளை நீங்களே செய்ய முடியாது, ஆனால் சட்டம் உதவுகிறது. 2013-ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், சிலிங்கில் தெரியும் ஈரத்தடயத்தையே மாடிகளுக்கிடையிலான கசிவு என்று ஏற்கின்றன. கட்டட நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள். அவர்கள் 7 நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள், காரணத்தையும் பொறுப்பானவரையும் குறிப்பிட்டு, 28-ஆம் பாரத்தில் சான்றிதழ் தர வேண்டும். ஒரே வீட்டுக்குப் பயன்படும் குழாய் அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. பல வீடுகளுக்குப் பயன்படும் குழாய் பொதுச்சொத்து. சான்றிதழ் கிடைத்த 7 நாளுக்குள் மேல்வீட்டுக்காரர் வேலையைத் தொடங்காவிட்டால், நிர்வாகமே பழுதுபார்த்துச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். நிர்வாகமே அசையாவிட்டால், செபராங் பிறை மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையர் பிரிவில் புகார் செய்யலாம்.

அந்தப் புகாருக்கும் உங்கள் பென்சில் கோடுகளும் தேதியிட்ட படங்களும்தான் வலு. சாயம் பூசி மறைத்த பிறகு காட்டுவதற்கு எதுவும் இருக்காது.